வாரம் 2,250 ரூபாயில் நான்கு பேர் வீட்டுக்குக் கொழுப்பு குறைக்கும் மளிகை லிஸ்ட்: படிப்படியாகப் போடும் முறை

உடம்பைக் குறைக்கப் போகிறோம் என்று முடிவெடுத்த வீட்டில் முதல் வாரமே மளிகைச் செலவு ஏறிவிடும். ஓட்ஸ், தேன், கிரீன் டீ, சிறுதானிய நூடுல்ஸ், ராகி பிஸ்கட் எல்லாம் புதிதாக வந்து சேரும். பழைய லிஸ்டில் இருந்த ஒன்றேகால் லிட்டர் எண்ணெயும் ஒரு கிலோ சர்க்கரையும் அப்படியே வந்துகொண்டிருக்கும். மூன்றாவது வாரம் பணம் இடிக்கும், எடையும் அசையாது. "டயட் எல்லாம் பணக்காரங்களுக்குத்தான்" என்று மூட்டை கட்டிவிடுவார்கள்.

நான் சொல்லப்போவது வேறு வழி. புதிதாக எதையும் சேர்ப்பதற்கு முன் எண்ணெய், சர்க்கரை, நொறுக்குத்தீனிக்குப் போகும் பணத்தைப் பிடுங்கி, அதை முட்டைக்கும் பயறுக்கும் காய்க்கும் மாற்றுவது. மொத்த பில் ஏறாது. திருச்சியில் இருக்கும் என் தங்கை வீட்டில் இதைச் செய்து பார்த்த கணக்கையே உதாரணமாக வைக்கிறேன். தங்கைக்கு 70 கிலோ, மாப்பிள்ளைக்கு 84 கிலோ. பெண்ணுக்கு 13 வயது, பையனுக்கு 9. குறைய வேண்டியது பெரியவர்கள் இருவருக்கு மட்டும். பிள்ளைகள் வளர வேண்டியவர்கள். லிஸ்ட் ஒன்றுதான், தட்டு வேறு.

விலைகள் எல்லாம் நாங்கள் வாங்கியபோது இருந்தவை. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு நோட்டு, ஐந்து மில்லி அளவுக் கரண்டி, அரை லிட்டர் பிடிக்கும் ஒரு காலி பாட்டில். இவ்வளவு போதும். அளவுக் கரண்டிக்கு இருமல் மருந்தோடு வரும் கரண்டியோ மூடியோ இருந்தால் போதும்.

தராசு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். "ஒரு கைப்பிடி", "ஒரு குழிக்கரண்டி" என்று அளந்தால் ஒவ்வொரு கைக்கும் ஒரு கணக்கு வரும். எங்கள் வீட்டிலேயே என் கைப்பிடிப் பருப்புக்கும் அம்மாவின் கைப்பிடிப் பருப்புக்கும் 30 கிராம் வித்தியாசம் இருந்தது.

வீட்டில் யாராவது சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், அரிசியைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு அப்படியே இருக்க, சோறு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் இந்த லிஸ்ட் அப்படியே பொருந்தாது.

2. பழைய லிஸ்டை எடை போடுங்கள்

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல வாங்குங்கள், வழக்கம்போலச் சமையுங்கள். ஞாயிறு காலையில் எண்ணெய், அரிசி, சர்க்கரை, பருப்பு டப்பாக்களை எடை போட்டு எழுதுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி எடை போடுங்கள். இடையில் வாங்கியதைச் சேர்த்து, மிச்சம் இருப்பதைக் கழித்தால், அந்த வாரம் வீட்டுக்குள் உண்மையில் தீர்ந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தங்கையிடம் கேட்டபோது "மாசத்துக்கு மூணு லிட்டர் எண்ணெய் ஆகும்க்கா" என்றாள். எடை போட்டுப் பார்த்தால் வாரத்துக்கு ஒன்றேகால் லிட்டர், அதாவது மாதத்துக்கு ஐந்து. ரேஷனில் வாங்கும் பாமாயிலை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "அது பலகாரத்துக்குத்தானே" என்றாள்.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் தீர்ந்தவை: அரிசியும் கோதுமையும் சேர்த்து ஏழரை கிலோ, பருப்பு வகை 900 கிராம், முட்டை 8, கோழி ஒரு கிலோ, ஆரஞ்சு பாக்கெட் பால் ஏழு லிட்டர், எண்ணெய் ஒன்றேகால் லிட்டர், சர்க்கரை ஒரு கிலோ, தேங்காய் 3, மிக்சர், முறுக்கு, பிஸ்கட் எல்லாம் சேர்த்து 700 கிராம், காய் ஐந்து கிலோ, பழம் ஒரு கிலோ. அந்த ஐந்து கிலோ காயில் பாதிக்கு மேல் வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு. பில் சுமார் 2,250 ரூபாய்.

3. முதலில் எண்ணெய், சர்க்கரை, நொறுக்குத்தீனிக்கு எல்லை

லிஸ்ட் எழுதும்போது எல்லோரும் அரிசியில் தொடங்குவார்கள். நீங்கள் எண்ணெயில் தொடங்குங்கள். ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறக்குறைய 8,200 கலோரி இருக்கிறது. இரண்டேகால் கிலோவுக்கும் மேலான அரிசியில்தான் அவ்வளவு இருக்கும். அரிசி வயிற்றை நிரப்பும். எண்ணெய் எங்கே போனது என்று வயிற்றுக்குத் தெரியவே தெரியாது.

எல்லை இது: நான்கு பேருக்கு வாரம் அரை லிட்டர். ரேஷன் பாமாயிலும் இதற்குள் அடக்கம். லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று கணக்கில் சேர்க்காமல் விட்டால், மலிவான எண்ணெயே அதிகமாகச் செலவாகும்.

அரை லிட்டரைத் தனி பாட்டிலில் ஊற்றி அடுப்புப் பக்கம் வையுங்கள். பெரிய டின் பரணுக்குப் போகட்டும். பாட்டிலில் இருப்பது ஐந்து மில்லி கரண்டியால் 100 கரண்டி. நாளைக்கு வீடு முழுதுக்கும் 14 கரண்டி. காலைக்கு நான்கு, மதியத்துக்கு ஆறு, இரவுக்கு நான்கு என்று தங்கை பிரித்துக்கொண்டாள். சாம்பார் தாளிக்க இரண்டு, பொரியலுக்கு இரண்டு போதும். இடிப்பது தோசையில்தான். தோசைக்கு ஒரு கரண்டி என்று ஊற்றினால் எட்டு தோசையில் எட்டு கரண்டி போய்விடும். அதனால் தோசை வாரத்துக்கு இரண்டு வேளை, மற்ற நாள் இட்லி. பழகிய இரும்புக் கல்லாக இருந்தால் அரை கரண்டியிலேயே தோசை எழும்பும்.

சர்க்கரையும் வெல்லமும் சேர்த்து 300 கிராம். பெரியவர்கள் டீயில் இரண்டு கரண்டி போடுவதை அரைக்குக் குறைத்தாலே இது கட்டுப்படும். சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, தேன் என்று மாற்றுவது கொழுப்பு குறைய உதவாது. கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை, விலையில்தான் வித்தியாசம்.

கடையில் வாங்கும் நொறுக்குத்தீனி பூஜ்யம். கொஞ்சமாக வாங்கி வைப்பது நடக்கிற காரியம் இல்லை. வீட்டில் மிக்சர் பாக்கெட் இருந்தால் அது தீரும்வரை யாரும் சுண்டல் தின்ன மாட்டார்கள். பிள்ளைகளுக்கு மாலையில் என்ன என்பதை அடுத்த படியில் பார்ப்போம். அதை எழுதாமல் இதை மட்டும் வெட்டினால் மூன்றாம் நாளே மாப்பிள்ளை பஜ்ஜி வாங்கிக்கொண்டு வருவார்.

தேங்காய் மூன்றிலிருந்து ஒன்று. பாலை ஆரஞ்சு பாக்கெட்டிலிருந்து நீலத்துக்கு மாற்றுங்கள். ஆவினில் ஆரஞ்சில் 6 விழுக்காடு கொழுப்பு, நீலத்தில் 3. லிட்டருக்கு இருபது ரூபாய் மிச்சம், ஏழு லிட்டருக்கு 140. தயிர் சற்றுத் தளர்வாக உறையும், அவ்வளவுதான்.

4. மிச்சமான பணத்தில் புரதம்

சோற்றைக் குறைத்தால் பதினொரு மணிக்கே பசிக்கிறது என்பார்கள். பெரும்பாலும் அந்தத் தட்டில் புரதம் இருக்காது. புரதமும் காயும் சேர்ந்தால்தான் குறைந்த சோறு தாங்கும். எடை இறங்கும்போது தசை கரையாமல் இருக்கவும் புரதம் வேண்டும்.

எதை வாங்குவது என்பதைக் கிலோ விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 20 கிராம் புரதம் எத்தனை ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். எங்கள் கணக்கில் மீல் மேக்கரில் ஆறு ரூபாய், பாசிப்பயறிலும் கறுப்புக் கொண்டைக்கடலையிலும் 11 ரூபாய், முட்டையில் 22, நீலப் பாலில் 25, மத்தி மீனிலும் கோழியிலும் 33 அல்லது 34, பன்னீரில் 44. ஆகவே தினப்படிக்குப் பயறும் முட்டையும், வாரக் கடைசிக்கு மட்டும் கறி, மீன் என்று வைத்தால் கட்டுப்படியாகும். பன்னீரை மறந்துவிடலாம்.

முட்டை ஒரு அட்டை, 30. ஆளுக்கு நாளுக்கு ஒன்று, மீதி இரண்டு கைவசம். மஞ்சள் கருவை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் தின்பது பணத்தைக் குப்பையில் போடுவது. நாளுக்கு ஒரு முழு முட்டைக்கு இந்த லிஸ்டில் இடம் இருக்கிறது.

பயறு வகையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையை எழுதிவிட்டுத்தான் வாங்க வேண்டும். வேலை இல்லாமல் வாங்கிய கொள்ளு எத்தனை வீட்டில் வண்டு பிடித்துக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். தங்கை வீட்டுப் பிரிப்பு இப்படி: துவரம்பருப்பு 500 கிராம் ஐந்து நாள் சாம்பாருக்கு, நாளுக்கு 100. உளுந்து 400 ஒரு முறை மாவுக்கு. பாசிப்பயறு 500 இரண்டு காலை அடைக்கு. கொண்டைக்கடலை 500 ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் குழம்பு. மீல் மேக்கர் 200 இரண்டு இரவு சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள. பொட்டுக்கடலை 250 சட்னிக்கும் மாலைக்கும். தேங்காய் குறைந்த இடத்தைப் பொட்டுக்கடலைச் சட்னிதான் நிரப்புகிறது.

நிலக்கடலை 400 கிராம் பிள்ளைகளின் மாலைத் தீனி, வேகவைத்தோ வறுத்தோ. இது மட்டும் எடை போட்டுக் கொடுக்க வேண்டியது. நல்ல பொருள்தான், ஆனால் 100 கிராமில் 560 கலோரிக்கு மேல். பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் ஒருவரே கால் கிலோ முடித்துவிடுவார்.

மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, நீரை மாற்றி மறுபடி பிழியுங்கள். ஒரே தடவையோடு விட்டால் வாடை போகாது, பிள்ளைகள் அடுத்த முறை தொட மாட்டார்கள்.

கோழி தோல் நீக்கி ஒரு கிலோ, மீன் முக்கால் கிலோ. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம், அப்போது மீன் விலை ஏறும். அந்த இரண்டு மாதமும் மீனுக்குப் பதில் இன்னொரு அரை அட்டை முட்டை. புரட்டாசியில் கறியும் மீனும் இல்லாத வீடுகளில் 200 கிராம் மீல் மேக்கரும் அரை கிலோ பாசிப்பயறும் கூடுதலாக வாங்கினால் அதே புரதம் கால்வாசிப் பணத்தில் வந்துவிடும். ஆனால் பயறில் மாவுச்சத்தும் இருப்பதால் அந்த வாரம் அரிசியில் கால் கிலோ குறைத்துவிடுங்கள்.

5. காய்: எடையில் வாங்கி, வரிசையில் சமையுங்கள்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை, ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் காய், 100 கிராம் பழம். நான்கு பேருக்கு வாரம் 11 கிலோ காய் வருகிறது. நாங்கள் 10 கிலோவில் நிறுத்தினோம். பழைய ஐந்து கிலோவுக்கு அதுவே இரட்டிப்பு.

உருளை, சேனை, மரவள்ளி இந்தப் பத்து கிலோவில் வராது. வாங்கினால் அவற்றை அரிசிக் கணக்கில் எழுதுங்கள். உருளைக்கிழங்கு வறுவலோடு சோறு சாப்பிடுவது சோற்றுக்குச் சோற்றைத் தொட்டுக்கொள்வதுதான். வெங்காயமும் தக்காளியும் சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல் போக வேண்டாம். மீதி ஏழு கிலோ பொரியலாகவும் கூட்டாகவும் தட்டில் தெரிய வேண்டும்.

பத்து கிலோ காய் 400 ரூபாய்க்குள் அடங்க, இடமும் நேரமும் முக்கியம். எங்களுக்குத் தென்னூர் உழவர் சந்தை. காலை ஏழு மணிக்குப் போனால் கீரை புதிதாக இருக்கும். கடை கட்டும் நேரத்தில் போனால் விலை குறையும், கீரை மட்டும் வதங்கியிருக்கும். கீரை வேண்டாத வாரம் தாமதமாகப் போகலாம். நுழைந்ததும் வாங்காதீர்கள். விலைப் பலகையைப் பார்த்து அன்றைக்கு மலிவான நான்கு காயை முடிவு செய்யுங்கள். சுரை, பீர்க்கு, புடலை, பூசணி, முட்டைக்கோஸ், கத்தரி இவற்றில் எப்போதும் இரண்டு மூன்றாவது மலிவாக இருக்கும். பிரக்கோலியும் சீமைச் சுரைக்காயும் தேடி அலைய வேண்டியதில்லை.

வாங்கியதை வீணாக்காமல் முடிக்க ஒரு வரிசை உண்டு. முதல் இரண்டு நாள் கீரை, முருங்கைக்கீரை. அடுத்து வெண்டை, பீர்க்கு, கத்தரி. வாரக் கடைசிக்குப் பூசணி, முட்டைக்கோஸ், கேரட். இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் வியாழக்கிழமை அழுகின கீரையைக் கொட்டிவிட்டு அப்பளத்தைப் பொரிக்கிறார்கள்.

பழம் மூன்று கிலோ: கொய்யா, பப்பாளி, வாழைப்பழம். ஜூஸ் போட வேண்டாம். மூன்று பேர் கடித்துத் தின்னும் பழத்தை ஒருவர் ஒரே டம்ளரில் குடித்துவிடுவார், அதுவும் சர்க்கரை போட்டு.

6. அரிசி கடைசியில்

இப்போதுதான் அரிசி. அரிசியும் மற்ற தானியமும் சேர்த்து ஆறு கிலோ. அரிசி நான்கரை, கோதுமை மாவு ஒன்று, கேழ்வரகு அரை.

நான்கரை கிலோ அரிசியில் 1.6 கிலோ மாவுக்கு. நான்குக்கு ஒன்று என்று 400 கிராம் உளுந்து. மாவுக்கு ரேஷன் அரிசியே போதும். மீதி 2.9 கிலோ ஏழு மதியத்துக்கு, நாளுக்கு 400 கிராம் சொச்சம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 80 முதல் 90 கிராம் அரிசியின் சோறு, மீதி பிள்ளைகளுக்கு. ஒருமுறை 400 கிராமை எடை போட்டு ஒரு டப்பாவில் கொட்டி, எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போட்டுக்கொள்ளுங்கள். தினமும் தராசை எடுக்க வேண்டாம்.

சோற்றைச் சுத்தமாக நிறுத்த வேண்டியதில்லை. தங்கை வீட்டுக் கணக்கைப் பார்த்தால் அரிசி, கோதுமையில் குறைந்த கலோரியைப் பயறு வகை ஏறக்குறைய முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது. உண்மையான இறக்கம் எண்ணெய், சர்க்கரை, மிக்சர் மூன்றிலும்தான் வந்தது. அரிசியைக் குறைப்பது பயறுக்கும் காய்க்கும் தட்டில் இடம் பண்ணத்தான்.

தினை, வரகு, சாமை பற்றிக் கேட்பார்கள். எடைக்கு எடை கலோரியில் அவை அரிசியை ஒட்டியே வரும். நார்ச்சத்து கூடுதல் என்பதால் பிடித்தவர்கள் கோதுமைக்குப் பதில் மாற்றிக்கொள்ளலாம். மாற்ற வேண்டும், மேலே சேர்க்கக் கூடாது. விலை இரண்டு மடங்கு ஆகும் ஊரில் அந்தப் பணத்துக்கு முட்டை வாங்குவது மேல்.

7. முழு லிஸ்ட்

திங்கள் முதல் ஞாயிறு வரை, நான்கு பேருக்கு:

- பொன்னி புழுங்கல் 2.5 கிலோ: 150
- ரேஷன் அரிசி 2 கிலோ: விலையில்லை
- கோதுமை மாவு 1 கிலோ, கேழ்வரகு மாவு 500 கிராம்: 75
- துவரம்பருப்பு 500 கிராம் (மாதத்தில் ஒரு கிலோ ரேஷனில் 30 ரூபாய்க்கு, ஒரு கிலோ கடையில்): 45
- உளுந்து 400, பாசிப்பயறு 500, கறுப்புக் கொண்டைக்கடலை 500: 170
- பொட்டுக்கடலை 250, மீல் மேக்கர் 200, நிலக்கடலை 400: 115
- முட்டை 30: 195
- கோழி 1 கிலோ, மத்தி முக்கால் கிலோ: 390
- நீலப் பால் 7 லிட்டர், தயிரும் இதிலிருந்தே: 280
- காய், கீரை 10 கிலோ: 400
- பழம் 3 கிலோ: 165
- கடலை எண்ணெய் அரை லிட்டர்: 95
- சர்க்கரை, வெல்லம் 300 கிராம்: 10
- தேங்காய் 1: 40
- புளி, மிளகாய், உப்பு, டீத்தூள் வாரப் பங்கு: 100

மொத்தம் 2,230. பழைய பில்லுக்கும் இதற்கும் இருபது ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் வாரத்துக்கு ஏறக்குறைய 10,000 கலோரி வீட்டுக்குள் வரவில்லை. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய 7,700 கலோரி என்று கணக்கு. பெரியவர்கள் இருவரும் வாரம் அரை கிலோ வரை இறங்க இது போதும். மிச்சம் பிள்ளைகள் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்.

மளிகையை மாதத்துக்கு ஒருமுறை வாங்கலாம், விலை குறையும். ஆனால் எண்ணெய், சர்க்கரை, நிலக்கடலையை வாரப் பங்காகப் பிரித்து வைத்துவிட வேண்டும். பிரிக்காத வீட்டில் மாத லிஸ்ட் இருபதாம் தேதியே தீர்ந்துவிடும்.

8. தட்டில் பிரிப்பது

லிஸ்ட் சரியாக இருந்தும் தட்டில் தப்பு நடக்கும். பெரியவர் தட்டில் முதலில் பொரியலும் கூட்டும், அடுத்து முட்டையோ பருப்போ, கடைசியில் சோறு. முதலில் சோற்றைக் குவித்தால் காய்க்குத் தட்டில் ஓரம்தான் மிஞ்சும். ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று என்று மூன்று முறை சோறு வாங்கும் பழக்கம் உள்ளவர்கள், அந்த மூன்றுக்குமான சோற்றை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு பிரித்துச் சாப்பிடுங்கள்.

பிள்ளைகளுக்கு அளவு இல்லை. பசித்தால் இன்னொரு இட்லி, இன்னொரு தம்ளர் பால். கடலையில் பெரும்பங்கு அவர்களுக்கு. "நீயும் குறைக்கணும்" என்ற பேச்சு, முக்கியமாக 13 வயதுப் பெண்ணிடம், வேண்டவே வேண்டாம். எடை மிஷினைப் பெரியவர்கள் அறையில் வையுங்கள்.

மிச்சம் வைப்பதை வழித்துச் சாப்பிடும் அம்மாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளைகள் விட்ட அரை தோசையும் இரண்டு வாய் தயிர்சாதமும் எந்த லிஸ்டிலும் ஏறாது. தங்கை மூன்று வாரம் இறங்காமல் நின்றதற்கு அதுதான் காரணம். இப்போது முதலில் பாதி பரிமாறுகிறாள், கேட்டால் மீதி.

9. சனிக்கிழமை இரவுக் கணக்கு

புது லிஸ்ட் எழுதும் முன் பழைய லிஸ்டில் மிச்சம் என்ன என்று பாருங்கள். காய் மிஞ்சி, அரிசியும் எண்ணெயும் தீர்ந்திருந்தால் சமையல் பழைய வழிக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். பயறு மிஞ்சியிருந்தால் அடுத்த வாரம் புதிதாக வாங்காமல், எந்த நாள், எந்த வேளை என்று எழுதி ஒட்டுங்கள்.

இரண்டாவது வாரம் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, வியாழக்கிழமையே பாட்டில் காலி."

"என்ன பொரிச்சே?"

"ஒண்ணும் பொரிக்கலை. தினம் நாலு அப்பளம்தான்."

அந்த நாலு அப்பளத்துக்காக வாணலியில் ஊற்றியதும், மறுநாள் அதே எண்ணெயைத் தாளிப்பில் கணக்கில்லாமல் போட்டதும்தான் பாட்டிலைக் காலியாக்கியது. இப்போது அப்பளம் நெருப்பில் சுடப்படுகிறது. பாட்டில் முன்கூட்டித் தீர்ந்தால் பரணில் இருக்கும் டின்னைத் திறக்காதீர்கள். மீதி நாள் இட்லி, குழம்பு, வேகவைத்த பொரியல் என்று ஓட்டுங்கள். ஒருமுறை திறந்தால் அப்புறம் பாட்டில் வெறும் அலங்காரம்தான்.

எடையை வாரம் ஒருமுறை, அதே கிழமை, காலையில் கழிவறை போய்வந்தபின் பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். முதல் பத்து நாளில் ஒன்றரை கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி நீர், அதை நம்பி லிஸ்டைத் தளர்த்த வேண்டாம். எடை நின்று, இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் எதையும் மாற்றாமல் தொடருங்கள்.

மூன்று வாரம் இரண்டுமே அசையவில்லை என்றால் முதலில் வெளியே சாப்பிட்டதை எழுதிப் பாருங்கள். ஞாயிறு இரவு ஒரு பரோட்டா, சால்னா பார்சல் ஆறு நாள் மிச்சத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். அலுவலகத்தில் குடிக்கும் டீயின் சர்க்கரை வீட்டு லிஸ்டில் தெரியாது. இவை சரியாக இருந்தும் அசையாவிட்டால் பெரியவர் பங்கு அரிசியில் வாரம் அரை கிலோ குறையுங்கள். முட்டை, பயறு, காயில் கை வைக்காதீர்கள்.

தங்கை வீட்டில் 12 வாரத்தில் மாப்பிள்ளை 84லிருந்து 79.5க்கும், தங்கை 70லிருந்து 66.5க்கும் வந்தார்கள். நடுவில் ஒரு தீபாவளி, ஒரு சொந்தக்காரர் கல்யாணம். அந்த இரண்டு வாரமும் அவள் லிஸ்ட் போடவே இல்லை. அடுத்த சனிக்கிழமை இரவு டப்பாக்களை மறுபடி தராசில் வைத்தாள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முதல் இரண்டு வாரத்துக்குப் பிறகும் வாரம் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினாலோ, தலைச்சுற்றலும் முடி உதிர்வும் தெரிந்தாலோ, அரிசியை அரை கிலோ கூட்டி வாங்குங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.